ஒட்டாத மஞ்சள்

என் சரசுவுக்கு,

நம் யாமினிக்கு முதல் பெரிய ஆர்டர் கிடைத்துவிட்டது. இதை உன்னிடம் சொல்ல எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

ஆயர் தாவார் பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், அவள் விற்பது நீ இருந்தவரை அரைத்த அதே ஃபேஸ் பேக்தான். கஸ்தூரி மஞ்சளைச் சீவி, ஒடித்தால் 'படக்'கென்று முறியும்வரை நிழலில் காயவைக்கிறாள். பச்சைப்பயறும் ரோஜா இதழும் சேர்த்து அரைத்து, மல் துணியில் சலித்து, சூடு முழுதும் ஆறிய பிறகே பையில் அடைக்கிறாள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டும், பூஞ்சை பிடிக்கும் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. பைமேல் உன் பெயர்: 'சரசு'.

ஈப்போவில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் வந்தார். வாடிக்கையாளர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க முந்நூறு பை கேட்டார். பிரித்துப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னலா இது, மஞ்சளே காணோம். கோதுமை மாவு மாதிரி இருக்கு."

"அசல் கஸ்தூரி மஞ்சள் வெளுப்பாத்தான் இருக்கும்கா. சமையல் மஞ்சள் போட்டா மூஞ்சில ஒட்டிக்கும், லேசுல போவாது."

"ஒட்டட்டுமே. அப்பத்தான் மஞ்சள் பூசினோம்னு சனம் நம்பும்."

நான் குறுக்கிட்டேன். "கஸ்தூரி மஞ்சளில் நிறமி மிகக் குறைவு, அம்மா. ஆகையால் சருமத்தில் கறை படியாது. வாசனையைக் கொண்டே அதை அடையாளம் காணலாம்."

அவர் சிரித்தார். "ஐயா எஸ்டேட் கிராணியா இருந்தீங்களா? பேச்சு நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்கு."

கண்டுபிடித்துவிட்டார். தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்துப் பேச்சு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கையுறைத் தொழிற்சாலையின் இரவு வேலையை விட்டுவிட யாமினிக்கு இதுதான் வழி. ஒத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கஸ்தூரி மஞ்சளை எடுத்துவைத்துவிட்டுச் சமையல் மஞ்சளைக் கலந்தாள். முழங்கை மடிப்பில் பூசிப் பார்த்தாள். கழுவிய பிறகும் மஞ்சள் நின்றது. பிறகு முந்நூறு பைக்கும் வேறு லேபிள் அடித்தாள். அதில் கடையின் பெயர் மட்டும்.

"அம்மா பேரு வேணாம்பா. இது அம்மாவோடது இல்ல."

நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறாய். ஆனால் உன் பெயர் இல்லாத பைகள்தான் ஈப்போவுக்குப் போயின. நாம் எதில் ஜெயித்தோம் சரசு? எனக்கு விளங்கவில்லை. நேற்று அந்தக் கடையிலிருந்து மறுபடி போன் வந்தது. எல்லாருக்கும் பிடித்துப்போயிற்றாம். இன்னும் அறுநூறு வேண்டுமாம், இன்னும் கொஞ்சம் மஞ்சளாக. யாமினி சரி என்றாள். போனைப் பிடித்திருந்த விரல்களின் நகமெல்லாம் மஞ்சள்.

பசார் மாலாமில் உன் வெளுத்த பொடியை இனி நானே விற்கிறேன். விற்காமல் திரும்பி வந்தாலும் வாராவாரம் மேசையின் முன்வரிசையில் உன் பெயர் இருக்கும். ஏன் மஞ்சளாக இல்லை என்று யாராவது கேட்டால் நீட்டி முழக்க மாட்டேன். ஒரே சொல்லில் பதில் சொல்லக் கண்ணாடிமுன் பழகிக்கொண்டிருக்கிறேன்.

"ஒட்டாது."

நீ கூப்பிட்டபடியே,
யாமினி அப்பா