நாற்பத்தோராம் பக்கத்து எலும்பு

நவம்பர் 9, கரகோல்

என் நாவலுக்கு முதல் விமர்சனம் வந்துவிட்டது. சொந்தமாக அச்சடித்த புத்தகத்தை யார் சீண்டுவார்கள் என்றிருந்தேன். சினாரா என்ற வாசகி தன் இணையப் பக்கத்தில் சீண்டிவிட்டாள். ஒரே நட்சத்திரம்.

"இது நாவல் இல்லை, சர்க்கரைப் பாகு. 41ஆம் பக்கத்து விருந்தில் மூத்த பெண்மணிக்குத் தோள் எலும்பு வைக்கிறார்கள்! அது இளசுகளுக்குப் போவது. இதை எழுதிய நூர்ஜாத் விருந்துக்கே போனதில்லையோ?"

ஐயோ. அந்த மூத்த பெண்மணி என் மாமியார் புருல் அபாவின் அச்சு. ஊருக்கே தெரியும். விருந்துக் கறியில் அவரவர் வயதுக்குத் தக்க எலும்பு வைப்பது இங்கே வழக்கம்; அவருக்கு வால்பக்க எலும்பு வைத்திருக்க வேண்டும். நான் நகரத்தில் வளர்ந்தவள், எலும்பைப் பற்றி எனக்கென்ன தெரியும்! இனி எழுதத்தான் வேண்டுமா?

நவம்பர் 10

நேற்று ராத்திரியே காரசாரமாக ஒரு பதில் அடித்தேன். அனுப்பவில்லை. கணவர் சிர்காக் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு, "தூங்கி எழுந்து படி. அப்பவும் அனுப்பணும்னு தோணினா நானே அனுப்பறேன்" என்றார்.

காலையில் படித்தேன். தூ! யாரோ சண்டைக்காரி எழுதியது மாதிரி இருந்தது.

நாத்தனார் மீரிம் அதற்குள் எனக்காகக் களத்தில் இறங்கிவிட்டாள். "அண்ணி, சொந்தக்காரங்க குரூப்ல சொல்லியாச்சு. ஆளுக்கு அஞ்சு நட்சத்திரம், கள்ளப் பேர்லகூட! நான் அவளப் பொறாமக்காரின்னு எழுதிட்டேன்."

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அழிக்கச் சொன்னேன். "அவ காசு குடுத்து வாங்கிப் படிச்சவடி. பிடிக்கலன்னு சொல்ல அவளுக்கு உரிமை இல்லையா?" முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அழித்தாள்.

நவம்பர் 11

அபாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் ஊற்றிக்கொண்டே சிரித்தார்.

"அச்சடிக்கறதுக்கு முன்னாடியே பாத்தேன்."

"பின்ன ஏன் அபா சொல்லல?"

"நல்லாருக்கா நல்லாருக்கான்னு அப்படிச் சிரிச்ச முகமா நின்னே. எப்படிடி சொல்லுவேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வீட்டில் எல்லோரும் என்னைச் சர்க்கரையிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். சினாரா ஒருத்திதான் நிஜம் சொன்னாள்.

மாலையில் அவளுக்கு எழுதினேன்: "நேரம் ஒதுக்கிப் படித்ததற்கு நன்றி. எலும்பு விஷயத்தில் தவறு என்னுடையது. அடுத்த அச்சில் திருத்துகிறேன்." அவ்வளவுதான். பாகு பற்றி வாதாடவில்லை. அது அவள் ருசி. நட்சத்திரத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கவுமில்லை.

நவம்பர் 14

சினாரா ஒரு வரி போட்டாள்: "திருத்தினால் படிக்கிறேன்." நட்சத்திரம் அதே ஒன்றுதான். இருக்கட்டும்.

ஜனவரி 20

இரண்டாம் அச்சுக்கு முன் மொத்தத்தையும் அபாவிடம் கொடுத்தேன். கண்ணாடியும் பென்சிலுமாக ஒரு வாரம் உட்கார்ந்தார். இன்று திருப்பித் தந்தார். 41இல் எலும்பு சரி.

"பன்னெண்டாம் பக்கத்துல தூங்கிட்டேன். எனக்கு இவ்வளவு நல்ல குணமெல்லாம் கிடையாது, கொஞ்சம் திட்ட விடு என்னை."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பன்னிரண்டாம் பக்கத்தை முழுசாக அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இப்போது அபா வாய் திறந்து திட்டுகிறார்.