உள்தாழ்ப்பாள் போட்ட பிறகு

கண்ணம்மா,

என் போனை அப்பா எடுத்துப் பார்ப்பார். அதனால்தான் காகிதத்தில் எழுதி, நீ வேலை பார்க்கும் ஊருக்குக் கொண்டுபோகும் பையில் வைக்கிறேன்.

நீ அறைக்கு வந்த செய்தி ஐந்து நிமிடம் தாமதமானதற்கு உன் மேனேஜரையே தூக்கத்திலிருந்து எழுப்பினேன். "நான் என்ன கைதியாம்மா?"ன்னு கேட்டாய். அதிலிருந்து பாதி வழியிலேயே "வந்துட்டேன்"னு அனுப்பிவிடுகிறாய். என் தொல்லைதான் உன்னைப் பொய் சொல்ல வைத்தது.

இனி இப்படி வைத்துக்கொள்வோமா? பிடிக்காததை அடித்துவிடு. வேலை முடிந்து, உன் அறைக்குள் உள்தாழ்ப்பாள் போட்ட பிறகு போனில் ஒரு புள்ளி மட்டும் அனுப்பு, போதும். ராத்திரி பதினொன்றரை வரை வாயைத் திறக்க மாட்டேன். தாமதமானால் புது நேரத்தை மட்டும் சொல், காரணம் வேண்டாம். அதையும் தாண்டினால் ஒரே தடவை கூப்பிடுவேன். எடுக்காவிட்டால் உன் அறைத்தோழியைக் கூப்பிடுவேன். "எங்கே இருக்கே, போட்டோ அனுப்பு" என்று கேட்கவே மாட்டேன். கடைக்குப் போனால்கூட அப்பா என்னைக் கேட்கும் கேள்வி அது.

சம்மதமானால் இன்றைக்கே முதல் புள்ளி.

வியாழக்கிழமை நானும் ஓர் இடத்துக்குக் கிளம்புகிறேன். மாலை ஏழு மணிக்குள் அங்கே போய்ச் சேர்ந்து, உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு உனக்குப் புள்ளி அனுப்புவேன். வராவிட்டால் ஒரு தடவை கூப்பிடு. எடுக்காவிட்டால் எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிடு, அவருக்கு மட்டும் இடம் தெரியும்.

அப்பாவைக் கூப்பிடாதே.

அம்மா