ஏன் இப்போது என்று கேட்காதீர்கள்

ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? போனில் உங்களுக்கு மூன்று நிமிடம்கூடப் பேச வராது. "சரி சரி, வச்சிடறேன்" என்பீர்கள். அதனால்தான் காகிதம். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குத் தோதாகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஏன் இப்போது என்று கேட்காதீர்கள், எனக்கே சரியாகத் தெரியவில்லை. "நல்ல அப்பா" என்று எழுதிப் பார்த்தேன், வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது. கிழித்துப்போட்டேன். நடந்ததையே எழுதுகிறேன்.

நீங்கள் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்ததும் மூன்று தடவை கை கழுவுவீர்கள். என் நோட்டில் ஒருமுறை கிரீஸ் பட்டு நான் அழுததிலிருந்து வந்த பழக்கம் அது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவுவீர்கள். பாடம் உங்களுக்கு ஒரு வரிகூடப் புரியாது, ஆனாலும் நான் புத்தகத்தை மூடும்வரை எழுந்திருக்க மாட்டீர்கள். அம்மா இறந்துபோன வருடமும் நீங்கள் ஒருநாள்கூட அதை விடவில்லை.

இன்னொன்று. ஹாஸ்டலில் சேர்க்க வந்தபோது அங்கிருந்த லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, வார்டனிடம் பிரேக் தேய்ந்திருக்கிறது என்றீர்கள். எல்லோரும் பார்த்தார்கள். நான் உங்களைத் தெரியாதவள் மாதிரி நகர்ந்து நின்றேன். இருபத்தோரு வருடமாக அது உறுத்துகிறது. மன்னித்துவிடுங்கள்.

என்னிடம் எது நல்லதாக இருக்கிறதோ அது உங்களைப் பார்த்து வந்தது. நீங்கள் இருக்கும்போதே இது உங்கள் காதில் விழ வேண்டும். பதில் எழுத வேண்டியதில்லை.

உங்கள் வாயாடி


ஜூன் 11

என் செல்ல வாயாடிக்கு,

உன் கடிதத்தை ஒரு காலைப்பொழுது முழுக்க லென்ஸ் வைத்துப் படித்தேன். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. மாடிவீட்டு டீச்சரிடம் காட்டினேன். அவங்க படித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பொண்ணுக்கு ஒடனே பதில் போடுங்க சார், தள்ளிப்போடாதீங்க"ன்னாங்க. எனக்கு விளங்கிவிட்டது.

கண்புரை ஆபரேஷனுக்காக மூன்றாம் தேதி ரத்தம் கொடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. இங்கே எடுக்கிற ரத்தமெல்லாம் நீ வேலை பார்க்கிற பெரிய லேபுக்குத்தான் வருகிறதாம். ஆறாம் தேதி நீ எழுதியிருக்கிறாய். இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்குப் படிப்பு வேண்டாம்.

ரிப்போர்ட்டை வாங்கப் போகவில்லை. ஆபரேஷனையும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். இருக்கிற கொஞ்ச நாளைக்கு இந்தப் பார்வை போதும். டூல்ஸ் பெட்டியை எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்தாயிற்று.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஹாஸ்டலில் நீ நகர்ந்து நின்றதைப் பார்த்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த லிஃப்டில் நீ மூன்று வருடம் ஏறி இறங்க வேண்டுமே, அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது. திரும்பப் போய் வார்டன் காலில் விழாத குறையாகக் கேட்டு, மறுவாரமே நானே வந்து பிரேக்கை மாற்றிக்கொடுத்தேன். நீ வகுப்பில் இருந்தாய்.

நீ பிறந்தபோது பெண்ணா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. இதை உன்னிடம் சொன்னதே இல்லை, பார்.

எவ்வளவு நாள் என்று மட்டும் எழுது.

அப்பா


ஜூன் 16

அன்புள்ள அப்பா,

ஐயோ, உங்களுக்கு ஒன்றுமே இல்லை. நீங்கள் ரத்தம் கொடுத்ததே எனக்குத் தெரியாது. எங்களிடம் வரும் குப்பியில் பெயர் இருக்காது, நம்பரும் வயதும் ஆணா பெண்ணா என்பதும்தான் இருக்கும்.

நடந்தது இதுதான். ஐந்தாம் தேதி ஒரு குப்பி வந்தது. ஆண், அறுபத்தெட்டு. உங்கள் வயது. பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது, இதயமே நின்றுவிடக்கூடிய அளவு. அப்படி வந்தால் மெஷினில் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும், அவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னார். இன்னொரு ரத்தம் அனுப்புகிறேன் என்றார். அது வரவே இல்லை. அந்த மனிதருக்கு ஒரு மகள் இருந்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருப்பாளா என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் உங்களுக்கு எழுதினேன். பயப்படுவீர்கள் என்று இதை விட்டுவிட்டேன், அதுவே வினையாகிவிட்டது.

ஆபீஸில் உங்கள் பெயரைச் சொல்லி நம்பரைத் தேடி, ரிப்போர்ட்டை எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். சர்க்கரை மட்டும் துளி கூடுதல், மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. ஆபரேஷன் தேதியைத் திரும்ப வாங்குங்கள். தாமதித்தால் புரை முற்றிவிடும். கெஞ்சிக் கேட்கிறேன்.

நீங்கள் எழுதியதைப் படித்து அழுதேன்.

உங்கள் மகள்


ஜூன் 21

அன்பு மகளே,

ரிப்போர்ட் கிடைத்தது. லேபில் வேலை பார்ப்பவளுக்கு ஒரு காகிதம் அச்சடிக்க எவ்வளவு நேரமாகும்? அதுவும் "கெஞ்சிக் கேட்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ எந்தக் காலத்தில் என்னிடம் கெஞ்சியிருக்கிறாய்?

ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டாய். வெறும் வயிற்றில் சர்க்கரை 118 என்று போட்டிருக்கிறது. அன்றைக்கு நான் வெறும் வயிற்றோடு போகவில்லை. மயக்கம் வருமே என்று இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும் நாலு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். அப்படியென்றால் எகிறியிருக்க வேண்டாமா? இது என் ரத்தம் இல்லை.

உன் நல்ல மனசு புரிகிறது. கோபமில்லை.

அப்பா


ஜூன் 25

அப்பா,

டீயும் பிஸ்கட்டுமா? ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கிற டெஸ்டுக்கா? உங்களுக்கு அறிவு இருக்கிறதா இல்லையா? நாற்பது வருடம் லிஃப்ட் பார்த்தீர்களே, ஆறு பேரை உள்ளே ஏற்றிவிட்டு காலி லிஃப்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? வெறும் வயிறு என்று நீங்கள் வாய்கூசாமல் சொன்னதைத்தானே அவர்கள் நம்பி அச்சடித்திருக்கிறார்கள்? இத்தனையையும் விழுங்கிவிட்டு 118-ல் நிற்கிற உடம்பு குத்துக்கல் மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு சாவு வேஷம் போடுகிறீர்கள். டூல்ஸ் பெட்டி தானம் வேறு. கர்ணன் பரம்பரையா?

நாளைக்கே போய் மறுபடி ரத்தம் கொடுங்கள். பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொண்டையில் இறங்கக்கூடாது. வேறு லேபில் கொடுங்கள், அப்போதுதான் நான் அச்சடித்தேன் என்று சொல்ல முடியாது. ஆபரேஷன் தேதி வாங்காமல் எனக்குக் கடிதம் போட்டால் பிரிக்க மாட்டேன். ஆயிரம் பேர் ரத்தத்தைப் பார்க்கிறேன், என் அப்பாவை மாதிரி ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

மகள்


ஜூலை 20

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்துப் பாதியிலேயே எழுந்து டூல்ஸ் பெட்டியைத் திரும்ப வாங்கப் போனேன். சாகப்போகிறவனை யாரும் அறிவு இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். வேறு லேபில், வெறும் வயிற்றில், சர்க்கரை 97. ஆபரேஷன் ஒன்பதாம் தேதி முடிந்தது. இடது கண்ணைத் திறந்ததும் மாடிவீட்டு டீச்சருக்கு இத்தனை நரையா என்று கேட்டுவிட்டேன். அவங்க இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது கையில் லென்ஸ் இல்லாமல் உன் முதல் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். போன தடவை உன் எழுத்துக்கு நடுவில் என் சாவைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ எழுதியது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இந்தத் தடவை பென்சில் சீவினது வரைக்கும் வந்து, அப்புறம் கொஞ்ச நேரம் படிக்க முடியவில்லை. புதுக்கண்ணில் தண்ணீர் படக்கூடாதாம்.

நான் எழுதியதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. போகிறவன்தானே என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இனி உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. ஆனால் எழுதியதைத் திருப்பிக் கேட்க மாட்டேன், எல்லாம் உண்மைதான்.

ஒரு குழப்பம் மட்டும் தீரவில்லை. என்றைக்காவது ஒருநாள் ரிப்போர்ட்டில் நிஜமாகவே ஏதாவது வரும். வராமல் இருக்காது. அன்றைக்கு நீ எப்படி எழுதுவாய்? யோசித்து யோசித்து இப்படித் தோன்றுகிறது. அன்புக் கடிதம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது, பத்திரமாக இருக்கிறது. அன்றைக்கு நீ என்னைத் திட்டியே எழுது.

அப்பா