பன்னிரண்டு வயது வரை

மார்ச் 3
மாலை வகுப்பில் சீட்டு எடுத்தோம். பத்தாவது தேர்வில் பேச்சுக்கு மட்டும் இருபது மதிப்பெண். இந்த முறை அதை நாடகம் மாதிரி நடத்தப் போகிறார் ஆசிரியை. ஆண்டு 1868. ஓர் ஊரின் சபை. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமா, வேண்டாமா? ஏழு பேர் சபையோர், அவர்களுக்குத்தான் ஓட்டு. சீர்திருத்தக்காரர் ஒருவர் ஐந்து நிமிடம் பேசி அவர்களை மனம் மாற்ற வேண்டும். அந்தச் சீட்டு எனக்கு வந்தது. நாற்பத்து நான்கு வயதில், பேருந்தில் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிறவளுக்கு! விதிக்கும் விளையாட்டுப் புத்தி போகவில்லை.

அறைக்கு வந்தால் இதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. அதனால் இங்கே.

மார்ச் 5
அண்ணன் போனில் பேசினார். மருமகளுக்கு ஜூனில் பிரசவமாம். "நீ இங்கயே வந்துடேன். பத்தாவது முடிச்சாச்சுன்னா போதாதா? தனியா அந்த ரூம்ல என்ன பண்ற?" என்றார். பன்னிரண்டாவதுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஏப்ரல் நான்கு. அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆசையாக இல்லை என்று எழுதினால் பொய்.

மார்ச் 10
எழுதிக் கொடுத்ததை ஆசிரியை திருப்பிக் கொடுத்தார். பெண்கள் விமானம் ஓட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தேன்.

"1868-ல விமானம் ஏதும்மா?" வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அந்த ஆண்டுக்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்குத் தெரியக் கூடாதாம். வருங்காலத்தைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. அன்றைக்கு அந்த மனிதர்கள் கண்ணால் பார்த்ததை வைத்தே பேச வேண்டும்.

பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "பக்கம் பூரா திட்டியிருக்கீங்க. பள்ளிக்கூடத்துக்கு இடம், காசு, அனுமதி எல்லாம் அவங்க கையில. திட்டினா எழுந்து போயிடுவாங்க. அவங்க பயம் என்னன்னு முதல்ல கண்டுபிடிங்க. அதை அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லுங்க."

உண்மைதான். நான் 1868-ஐத் திட்டவில்லை. வேறு யாரையோ திட்டியிருக்கிறேன்.

மார்ச் 12
நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எனக்கு எதிர்முனையைப் பிடிப்பவளை எதிர்க்கட்சி என்றுதான் கூப்பிடுவேன். எதைச் சொன்னாலும் மறுப்பாள். இன்று அவளைச் சபையாக்கினேன். நீராவி இரைச்சலில் கத்திக் கத்திப் பேச்சு.

"பொண்ணு எழுதக் கத்துக்கிட்டா முதல் கடுதாசியே எவனுக்கோ போகும். நான் அப்பனா இருந்தா அதான் சொல்லுவேன்" என்றாள்.

ஐந்து விரிப்பு மடிக்கும்வரை பதில் வரவில்லை. ஆறாவதில் வந்தது: எழுதத் தெரியாதவளும் கடிதம் அனுப்பத்தான் செய்கிறாள், என்ன, வேறொருவனிடம் சொல்லி எழுத வைக்கிறாள். குடும்பத்து ரகசியம் ஊருக்குத் தெரிவது எதனால்?

எதிர்க்கட்சி துணியை இழுத்துப் பிடித்தபடி, "சரி, அது ஒத்துக்கலாம்" என்றாள். அவள் ஒத்துக்கொண்டு நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 16, ஞாயிறு
பயத்தைக் கண்டுபிடிக்க அண்ணனிடமே கேட்டேன். "என்னை ஏன் ஏழாவதோட நிறுத்தினீங்க?"

"யாரு நிறுத்தினா? அம்மா படுத்த அன்னிக்கு நீயேதானே வந்து, 'நான் நின்னுக்கறேன்'னு சொன்ன. அப்பா வாயே திறக்கல."

அப்படியா? நானா? அந்த வீட்டில் படிப்பை நிறுத்தச் சொல்லி என்னைத் தவிர யாரைக் கேட்டிருப்பார்கள் — கேட்கட்டுமே, அதற்குள் நான் ஏன் சொன்னேன்? கோபம் கோபமாக வருது. யார் மேலன்னுதான் தெரியல.

மார்ச் 20
பேச்சு தயார். முக்கியமான இடத்தை இங்கே படி எடுத்து வைக்கிறேன்.

"பெரியோர்களே, உங்கள் அச்சம் எனக்கும் உண்டு. எனக்கும் ஒரு மகள். படித்த பெண் வீட்டை மறப்பாள் என்கிறீர்கள். கேட்கிறேன்: உங்கள் மகன் பேசப் பழகியது யார் மடியில்? அவனுக்கு முதல் ஐந்து வருடம் ஆசான் யார்? ஆசானுக்கு எழுத்து வேண்டாம் என்றால் மாணவனுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குத் தாய் மருந்து எடுக்கிறாள். இரண்டு குப்பி. ஒன்று உள்ளுக்கு, ஒன்று மேலுக்குப் பூச. சீட்டை வாசிக்க அவள் யார் வீட்டு வாசலில் நிற்பாள்?

தெருவில் அனுப்ப மாட்டோம் என்கிறீர்கள். வேண்டாம். உங்களில் ஒருவர் வீட்டுக் கூடத்தைத் தாருங்கள், காலையில் இரண்டு மணி நேரம். ஆண் வாத்தியார் கூடாது என்கிறீர்கள். சரி. பெண் வாத்தியார் எங்கே என்கிறீர்கள். நீச்சல் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்க விடுவோம் என்றால் யார் நீந்துவார்? நம் ஊர் வைத்தியரின் விதவைத் தங்கைக்கு எழுத்துத் தெரியும். அவரிடமிருந்து தொடங்குவோம். ஓராண்டு பாருங்கள். கேடு வந்தால் நீங்களே பூட்டுங்கள்."

சுவரைப் பார்த்து ஏழு முறை பேசினேன். சுவர் ஒத்துக்கொண்டது.

மார்ச் 24
ஜெயித்துவிட்டேன். ஐந்துக்கு இரண்டு. குரல் நடுங்கவில்லை. மருந்துக் குப்பி இடத்தில் சபையோர் முன்னால் சாய்ந்து கேட்டார்கள்.

வியாபாரியாக நடித்தவர் டாக்சி ஓட்டுகிறவர். மீசையைத் தடவிக்கொண்டு எழுந்து, "எல்லாம் சரிங்க, எத்தனை வயசு வரைக்கும்?" என்றார். மூன்று பேர் தலையாட்டினார்கள். ஓட்டு நழுவுவது தெரிந்தது. உடனே சொன்னேன், "பன்னிரண்டு வயது வரை மட்டும்." அவர்கள் முகம் தெளிந்தது. கை தூக்கினார்கள்.

அறைக்கு வந்து தோசை சுடத் தோன்றவில்லை. ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன். ஜெயித்தவளுக்கு இப்படியா இருக்கும்?

மார்ச் 27
வேடத்தைக் கழற்றிவிட்டுப் பேசும் வகுப்பு. இருபதுக்குப் பதினெட்டு. யார் எதற்குச் சம்மதிக்கலாம் என்று சபையோருக்கு ரகசியமாக எழுதிக் கொடுத்திருந்த சீட்டுகளை ஆசிரியை மேசையில் பரப்பினார். வியாபாரி சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: பெண் ஆசிரியர் என்றால் சம்மதம். மற்றவர்கள் சீட்டிலும் எங்குமே வயது இல்லை.

"அப்போ ஏன் கேட்டீங்க?" என்றேன் டாக்சிக்காரரிடம்.

"சும்மா தெரிஞ்சுக்கத்தாங்க. நீங்க பதினாறுன்னு சொல்லியிருந்தாலும் கை தூக்கியிருப்பேன்."

ஆசிரியை மெதுவாகச் சொன்னார். "அந்தக் காலத்துல நிஜமாவே சிலர் இப்படி விட்டுக்கொடுத்துத்தான் பள்ளிக்கூடம் தொறந்தாங்க. அது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா குறைச்சுக்கச் சொல்லிக் கேட்டபிறகு கொடுக்கறது வேற, கேட்கறதுக்கு முன்னாடியே கொடுக்கறது வேற."

கழிவறையில் போய் அழுதேன். இல்லாத ஊரில் இல்லாத பெண்கள். அவர்களைப் பன்னிரண்டு வயதில் வீட்டுக்கு அனுப்பியது நான். நான் நின்ற அதே வயதில்.

மார்ச் 30
நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. விடுமுறை.

ஏப்ரல் 3
வேலை முடிந்து நேராகப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். முத்திரை குத்தி ரசீது தந்தார்கள்.

அறைக்கு வந்து நானே அண்ணனைக் கூப்பிட்டேன். மேலே படிக்கப் போகிறேன், அங்கே வந்து தங்க முடியாது, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணி பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், பாத்திரச் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சத்தத்துக்காகவே போய்விடலாம் போலிருந்தது.

"சரி, படி. யார் வேணாம்னா? எத்தனை வருஷத்துக்கு?" என்றார்.

இரண்டு என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கடைசியில் அவரே, "சரி, ஞாயித்துக்கிழமை சாப்பிட இங்க வந்துடு" என்று வைத்துவிட்டார்.