ஜெயாவின் கடைக்கு ஒரு நல்ல வார்த்தை

6 மார்ச் 1978, திங்கள்

தூறல். தேயிலைத் தோட்டத்தில் என் செடி நிரையை முடித்துவிட்டு, வழக்கம்போல் ஜெயாவின் நிரைக்கு மேல்முனையிலிருந்து கொழுந்தெடுத்துக்கொண்டு இறங்கினேன். முந்துகிறவள் மற்றவளுக்கு எதிரே வருவது எங்கள் வழக்கம். நடுவில் சந்தித்து, கொழுந்தை ஒன்றாக நிறுவைக்குக் கொண்டுபோவோம். கங்காணி முதலில் முணுமுணுத்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

இன்று நடுச்செடியில் வைத்துச் சொன்னாள். "மணி, மாசக் கடைசியில வேலையிலருந்து பேர வெட்டிருங்கன்னு ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லப் போறேன். ரிங்லெட் டவுன்ல ஜலால் பாய் மளிகைக் கடையோட ஒட்டுச் சாய்ப்பு சும்மா கெடக்கு. இட்லிக்கடை போடப் போறேன்லா."

"நல்லா வரும்லா" என்றேன், கொழுந்தைப் பார்த்துக்கொண்டே.  அவள் கூடையை எடுத்துக்கொண்டு, எனக்காக நிற்காமல் முன்னால் நடந்துவிட்டாள்.

7 மார்ச்

அவள் போய்விட்டால் நான் எந்தக் கதவைத் தட்டுவேன்?

8 மார்ச்

இதை இங்கேயாவது எழுதவேண்டும். என் புருஷன் கருப்பையா குடித்துவிட்டு வருகிற நாளில் நான் ஓடுவது பக்கத்து வீட்டுக்குத்தான். தட்டுவதற்கு முன்பே ஜெயா கதவைத் திறந்துவிடுவாள். ஒன்றும் கேட்கமாட்டாள். மகள் செல்லத்தைச் சுவரோரம் தள்ளிப் படுக்கவைத்துவிட்டு எனக்குப் பாய் விரிப்பாள். அவள் புருஷன் செத்த வருஷத்திலிருந்து இப்படி. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. அம்மா வீடு என்று ஒன்றும் இல்லை. அந்தக் கதவுதான் எனக்கு எல்லாம்.

12 மார்ச், ஞாயிறு

தண்ணீர்க் குழாயடியில் துணி துவைக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேரை வெட்டினால் தோட்டம் தந்த லைன் வீடு போய்விடும். புருஷன் இல்லாதவள் டவுனில் கடை போட்டால் லோரிக்காரன் சும்மா இருப்பானா. செல்லத்தின் பள்ளிக்கூடம் என்ன ஆவது. வாழ்க்கையில் ஒரு சாமானாவது விற்றிருக்கிறாயா. நிறுத்தவே முடியவில்லை.

அவள் பாவாடையைப் பிழிந்து உதறினாள். "முடிச்சிட்டியா? நீ சொன்னதுல ஒண்ணுகூட நான் யோசிக்காதது இல்ல. ஒங்கிட்ட யோசன கேக்க வரலடி. நீ என் பக்கம் இருக்கியான்னு பாக்க வந்தேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

13 மார்ச்

தன் நிரையை முடித்தாள். என் நிரைக்கு வரவில்லை.

16 மார்ச்

மூன்று நாளாக அவள் பேசவில்லை. 

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். வீடு? ஜலால் பாயின் மனைவி நஃபீசா கடைக்குப் பின்னறையைத் தருகிறாராம். பள்ளிக்கூடம்? ரிங்லெட்டிலும் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. ஊர் வாய்? இங்கே மட்டும் என்ன கோயில் கட்டிக் கும்பிட்டார்களா. அடுத்த வருஷம் கொழுந்து வெட்டக் கத்தரி வரப்போகிறது, ஆளைக் குறைப்பார்கள் என்று துரையே சொல்லிவிட்டார். அவள் கணக்கு சரிதான். அப்போ நான் எதுக்குடி இவ்வளவு கத்துனேன்? அவளுக்காகவா? எனக்காகத்தான். என் பயத்தையெல்லாம் அவள் தலையில் கட்டப் பார்த்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் மிச்சம் நிற்கிறது. மாவு.

இந்தக் குளிருக்கு இட்லி மாவு பொங்காது. எங்கள் லைனில் பொங்குகிறது என்றால், கருப்பையா வேலை பார்க்கிற ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்பின் சூட்டில்தான். நான் கொடுத்தனுப்பும் இரண்டு சட்டியையும் அடுப்புச் சுவரோரம் வைத்துக் காலையில் எடுத்து வருவார். அதை மட்டும் மறக்கமாட்டார். ஒரு சட்டி ஜெயாவுடையது. என்னிடம் கொடுத்துப் பழகிப்போய், மாவு தானாகப் பொங்குவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். ரிங்லெட் நம்மைவிடக் கொஞ்சம் தாழ்வுதான், ஆனாலும் குளிர் குளிர்தானே. அங்கே ஏது அந்த அடுப்பு?

சொல்லாமல் விட்டால் கடை படுத்துவிடும். திரும்பி வந்துவிடுவாள்.

இப்படியும் நினைத்தேன். இந்தக் கையால்தான் எழுதுகிறேன். சீ.

19 மார்ச், ஞாயிறு

அவள் வீட்டுக்குப் போனேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று கேட்டேன். "அன்னிக்குச் சொன்னதெல்லாம் என் பயம். அத விடு. ஒன் கடையப் பத்தி ஒண்ணே ஒண்ணு இருக்கு. சொல்லவா, இல்ல சும்மா கூட உக்காரவா?"

இன்னொரு சட்டியைச் சாக்கில் போட்டுவிட்டு, "சொல்லு" என்றாள்.

சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அட பாவி. இத நான் நெனச்சே பாக்கலடி. மொத நாளே கல்லு கல்லா எறக்கிருப்பேனே." பிறகு சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

24 மார்ச்

ஃபேக்டரிக்கு அனுப்பாமல் ஒரு சட்டி வைத்துப் பார்த்தோம். காலையில் கரைத்துவைத்த மாதிரியே கிடந்தது. ஊற்றிய இட்லியைச் செல்லம் சுவரில் எறிந்து பார்த்தாள்.

29 மார்ச்

கிராணியிடம் உடைந்த தேயிலைப் பெட்டி ஒன்று கேட்டு வாங்கினேன். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. சுற்றிலும் மரத்தூளைத் திணித்து, நடுவில் சட்டி, பக்கத்தில் வெந்நீர் டின், மேலே பழைய கம்பளி. காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது மாவு. ஜெயா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

நல்லதுதான் செய்தேன். ஆனாலும் அந்தப் பெட்டியை ஓங்கி உதைக்க வேண்டும்போல் இருந்தது.

31 மார்ச், வெள்ளி

ஜெயா வீட்டுச் சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டாள். லோரியில் சாமான் ஏற்றினோம். லைனில் எல்லோரும் "நல்லா இரு, நல்லா இரு" என்றார்கள். நானும் அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு ஜெயா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ போ. நீ நல்லா இருக்கணும்னு நெசமாவே நெனக்கிறேன்."

"இதுதான்டி வேணும் எனக்கு" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். லோரி வளைவில் திரும்பும்வரை செல்லம் கை ஆட்டினாள்.

3 ஏப்ரல்

ஜெயாவின் நிரையில் தங்கம்மா என்று ஒரு புதுப்பெண். முடித்ததும் நேரே நிறுவைக்குப் போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும்.

8 ஏப்ரல்

நேற்று சம்பளம். கருப்பையா வந்த கோலத்தைப் பார்த்ததும் பழக்கத்தில் அந்தக் கதவுக்கு ஓடிவிட்டேன். அங்கே குடிவந்திருக்கும் புதுக் குடும்பம், நான் தட்டத் தட்ட, உள்ளே ரேடியோவைக் கூட்டி வைத்தது.

16 ஏப்ரல், ஞாயிறு

எங்கள் லைனிலிருந்து பஸ்ஸில் ரிங்லெட் போய் வந்த மாரியாயி சொன்னாள்: முதல் வாரம் ஜெயா கடையில் ஈ ஓட்டினாளாம், இப்போது மலைக்குக் கீழே தாப்பா டவுனுக்குக் காய்கறி ஏற்றும் லோரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடுகிறார்களாம். சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம். வலதுகை மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. எழுத முடியவில்லை.

5 மே

இன்றும் சம்பளம். இனி என்னால் முடியாது.

7 மே, ஞாயிறு. ரிங்லெட்

ஒரு துணிமூட்டையோடு முதல் பஸ்ஸில் இறங்கினேன். கடையில் கூட்டம். கழுவாத தட்டு மலையாகக் கிடக்க, ஜெயா ஒரு பக்கம் கழுவிக்கொண்டிருந்தாள். மூட்டையை வைத்துவிட்டு மறுபக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் ஒரே தட்டில் இரண்டு பேர் கையும் பட்டது.

அப்போதுதான் என் கிழிந்த உதட்டைப் பார்த்தாள்.

"நான் திரும்பிப் போகலடி. பேர வெட்டச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் முகம் மாறியது. பயம் தெரிந்தது. கருப்பையா இங்கே வந்து கடை வாசலில் நின்று கத்துவார் என்று எனக்குத் தெரியாதா, அவளுக்குத் தெரியாதா. ஆனால் அதை அவள் சொல்லவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மணி, ஒண்ணு இருக்கு. சொல்லவா, இல்ல சும்மா கூட உக்காரவா?"

"உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள்.