குவளையும் இரண்டு வாளியும்

அன்பு மகள் ராலிட்சாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டி டேயாவும் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது, வாய் எதற்கும் கட்டுப்படவில்லை. செர்ரி முடிந்துவிட்டது. பதினான்கு ஜாடி போட்டிருக்கிறோம், இரண்டில் மூடி சரியாகப் பிடிக்கவில்லை என்று எனக்குச் சந்தேகம், மூன்று முறை திறந்து பார்த்ததால்தான் பிடிக்கவில்லை என்கிறாள் அம்மா. மூன்று வாரமாக மழை இல்லை. போன ஞாயிறு தொலைபேசியில், முழங்கால் வலி, ஆகஸ்டில் குட்டியின் ஞானஸ்நானத்துக்கு வர முடியாது போலிருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. காரணம் வேறு, அதை உன் குரலைக் கேட்டுக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் கோபித்துக்கொள்ளாதே.

மார்ச் மாதம் மேயர் திருமதி காலேவா என்னைப் படிப்பகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். ஏப்ரலில் வன வாரம் வருகிறது, ஸ்டேஷன் சாலையில் அறுபது லிண்டன் மரக்கன்று நடப்போகிறோம், சாலைக்குக் குறுக்கே கட்ட நான்கு மீட்டர் பேனர், அதில் போட ஒரு வாசகம் வேண்டும் என்றார். முப்பத்தாறு வருடம் மொழிப்பாடம் நடத்தினவர் நீங்க, உங்களை விட்டா யாரு சார் எழுதுவா என்றார். மறுக்கத் தெரியாத ஆள் நான் என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பழைய குறிப்பு அட்டைகள் இருந்த பெட்டியை இறக்கி, ஒரு அட்டைக்கு ஒரு வாசகம் என்று எழுத ஆரம்பித்தேன். காரில் போகிறவனுக்குப் படிக்கக் கிடைப்பது மூன்று விநாடி, அதனால் எட்டுச் சொல்லுக்கு மேல் கூடாது என்று வைத்துக்கொண்டேன். முதல் பாதியில் இன்றைக்குச் செய்கிற சின்ன வேலை, இரண்டாம் பாதியில் வருடங்கள் கழித்து வரப்போகிற பலன். இயற்கையைக் காப்போம், பசுமையை வளர்ப்போம் என்று எழுதினால் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள், ஏனென்றால் அதில் கை வைக்க இடமில்லை. வேலை கையால் செய்யக்கூடியதாக, ஒருவனே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், அதில் ஒரு எண் இருந்தால் மனதில் நிற்கும். நாற்பத்தொரு அட்டை எழுதினேன். 'ஐந்து நிமிடம் களை பறி, ஐம்பது கோடை நிழலில் இரு' என்று ஒன்று. 'இன்று ஆட்டைக் கட்டு, நாளை காடு தானே எழும்' என்று ஒன்று, அது அம்மாவுக்குப் பிடித்தது, எதிர்வீட்டு ஆட்டை மனதில் வைத்துச் சொன்னாள். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் இரண்டு கேள்வி எழுதி வைத்திருந்தேன். இந்த வேலையை ஒருவன் இன்றே செய்ய முடியுமா? சொல்கிற பலன் இந்த வேலையால்தான் வருமா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாததால் பனயோத்திடம் போனேன், வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றானே, தேனீ வளர்க்கிறவன். அவன்தான் சொல்லிக்கொடுத்தான். புதிதாக நட்ட கன்றுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது கெடுதல், மேல் மண் இரண்டு விரல் நனையும், வெயில் வந்தால் மத்தியானத்துக்குள் போய்விடும், வேர் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே படுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு முறை, தண்டைச் சுற்றிப் பாத்தி கட்டி, இரண்டு வாளி மெதுவாக ஊற்ற வேண்டும். அப்போது தண்ணீர் கீழே இறங்கும், வேரும் பின்னாலேயே இறங்கும். அப்படி மூன்று கோடை பார்த்துக்கொண்டால் பிறகு மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், பதினைந்து வருடத்தில் சாலை நிழலாகும். "மரம் என்ன கோழியா வாத்தியாரே, வேளாவேளைக்குத் தண்ணி வைக்க?" என்றான். அன்றே எழுதினேன்: 'வாரம் இரண்டு வாளி, பதினைந்து வருடத்தில் ஒரு தெரு நிழல்.' நான் எழுதியதில் எனக்கே பிடித்தது அது ஒன்றுதான்.

படிப்பகத்தில் ஏழு பேர் உட்கார்ந்து அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு திருத்த ஆரம்பித்தார்கள். மேயர், "வாரம்னு போட்டா எந்தக் கிழமைன்னு ஜனம் மறந்துடும் சார், தினம்னு போடுங்க, பழக்கமாயிடும்" என்றார். பள்ளித் தலைமையாசிரியை, "பிள்ளைங்க வாளி தூக்க மாட்டாங்க, குவளைன்னு வைப்போம், அழகா இருக்கு" என்றார். பதினைந்து வருடம் என்றால் ஜனங்களுக்குச் சோர்வு வரும் என்று யாரோ சொல்ல அதுவும் போயிற்று. கடைசியில் பலகையில் நின்றது இது: 'தினம் ஒரு குவளை தண்ணீர், பேரனுக்கு ஒரு தெரு நிழல்.' எல்லோரும் கைதட்டினார்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது மகளே, சந்தத்தில் என்னுடையதைவிட நன்றாக இருந்தது, அதுதான் என் வாயைக் கட்டியது. பனயோத் சொன்னது சட்டைப்பையில் அட்டையாக இருந்தது. எடுக்கவில்லை. ஏழு பேர் சரி என்கிறபோது நான் மட்டும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பேனோ என்று தோன்றியது. சம்மதமா சார் என்று கேட்டார்கள், தலையாட்டினேன். பேனரின் கீழே சின்ன எழுத்தில் என் பெயரையும் போட்டுவிட்டார்கள்.

ஏப்ரலில் நட்டார்கள். பிள்ளைகள் தங்கள் கையில் கட்டியிருந்த சிவப்பு வெள்ளை மார்த்தெனித்சா நூலை அவிழ்த்துக் கன்றுகளில் கட்டினார்கள். பள்ளியில் ஆளுக்கொரு தகரக் குவளை கொடுத்தார்கள், அதிலும் என் வாசகம். இந்தப் பிள்ளைகள் ஒரு நாள் தவறவில்லை ராலிட்சா, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. விடுமுறையிலும் சாயங்காலம் வரிசையாக வந்து ஆளுக்கொரு குவளை ஊற்றிவிட்டுப் போகிறார்கள். ரொட்டிக்கடை வுட்கோ எனக்குக் குவளை வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டான். ஜூன் நடுவில் வெயில் ஏறியதும் இலை ஓரம் பழுப்பாயிற்று. பனயோத் ஒரு கரண்டியால் தோண்டிக் காட்டினான், மேலே ஈரம், அதன் கீழே மாவு மாதிரி மண், வெள்ளை வேர் எல்லாம் மேலே சுருண்டு கிடந்தது. "என்ன வாத்தியாரே எழுதி வச்சிருக்கீங்க, என்கிட்ட கேட்டுட்டுத்தானே போனீங்க?" என்றான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை தள்ளுவண்டியில் வாளிகளை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் குழாய்க்குப் போனேன். ஒரு மரத்துக்கு இரண்டு வாளி, ஒரு நாளைக்கு இரண்டு மரம், ஆறு நாளில் பன்னிரண்டு மரம். என் உடம்புக்கு அவ்வளவுதான் முடிகிறது. அதனால்தான் நான் ஊரை விட்டு நகர முடியவில்லை, இரண்டு வாரம் நான் இல்லையென்றால் அந்தப் பன்னிரண்டும் போய்விடும். வுட்கோ ஒரு நாள் பார்த்துவிட்டு, "தண்ணி திருட்டா வாத்தியாரே?" என்று கேட்டான், தக்காளிக்கு என்று சொன்னேன். படிப்பகத்தில் தலையாட்டியது முதல் பொய், இது இரண்டாவது. முழங்கால் மூன்றாவது. அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். "லூபென், உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தா அறுபது மரம் பிழைக்கும். நீ என்னடான்னா பன்னிரண்டு மரத்துக்கு வண்டி தள்ளிட்டிருக்கே" என்றாள்.

இனி சொல்லப்போவதுதான் மோசம். பன்னிரண்டும் பச்சையாக நிற்கின்றன, நாற்பத்தெட்டும் வாடுகின்றன. போன வாரம் மேயர் புகைப்படக்காரரோடு வந்து அந்தப் பன்னிரண்டுக்கு முன்னால் நின்றார். பார்த்தீங்களா, தினம் ஊத்தின மரமெல்லாம் எப்படி இருக்கு, மத்ததுக்கு யாரோ சோம்பேறித்தனம் பண்ணியிருக்காங்க என்று சொன்னார். பத்து வயதுப் பெண் ஒருத்தி, நான் ஒரு நாள்கூட விடலையே என்று அழுதாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன். யாருக்கும் தெரியாமல் நான் ஊற்றிய தண்ணீரே அந்தப் பொய் வாசகத்துக்குச் சாட்சியாகிவிட்டது. ஊற்றினால் பொய் வளர்கிறது, நிறுத்தினால் மரம் சாகிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் இலையுதிர் காலத்தில் முந்நூறு கன்று நடப்போகிறார்களாம், நாளைச் சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டு இதே வாசகத்தை எடுத்துப்போகிறார்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் சொல்லிவிடுவது என்று எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தார்கள்.

பேச வராது என்று அன்றைக்குத் தெளிவாயிற்று. எழுத வரும். அன்று மாலையே பன்னிரண்டு அட்டை எடுத்து எல்லாவற்றிலும் ஒன்றையே எழுதினேன்: 'இந்த மரம் குவளையால் பிழைக்கவில்லை. வாரம் இரண்டு வாளி. வாசகம் தவறு, பிள்ளைகள் மேல் தவறில்லை. தவறென்று தெரிந்தும் தலையாட்டியவனும் தண்ணீர் ஊற்றியவனும்: லூபென் தர்மோன்ஸ்கி.' அம்மா படித்துப் பார்த்து, பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னாள், பேனரில் இருப்பதைவிடப் பெரிதாக. திருப்பி எழுதினேன். பட்டை அறுபடாமல் தளர்த்திக் கட்ட, மிச்சமிருந்த மார்த்தெனித்சா நூலைக் கொடுத்தாள். இன்று காலை ஐந்து மரத்தில் கட்டினேன். ஆறாவதுக்குப் போகும்போது ஏழு மணி பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள், அட்டைகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். மிச்சம் ஏழும் இப்போது மேஜையில் என் எதிரே இருக்கின்றன. ஐந்தையும் இதற்குள் யாராவது படித்திருப்பார்கள். வாசலில் எந்தச் சத்தம் கேட்டாலும் எழுந்து எட்டிப் பார்க்கிறேன்.

குட்டிக்குச் சளி இருந்தால் லிண்டன் பூத் தேநீர் கொடுக்காதே, ஒரு வயது ஆகட்டும், மருத்துவரைக் கேள். மாப்பிள்ளையைப் பனியில் தலையை மூடிக்கொண்டு போகச் சொல், அங்கே இப்போது பனி இல்லை என்று அம்மா சொல்கிறாள், பனி வரும்போது சொல். என் விமானச் சீட்டை ரத்து செய்யாதே. ஊரார் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது, வாளி தூக்குவார்களோ, கல் தூக்குவார்களோ. பனயோத் மட்டும், அட்டை எல்லாம் கட்டி முடித்தால் ஆகஸ்டில் உங்கள் பன்னிரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான், முடித்தால்தான் என்றான். இன்னொன்று நினைவில் வைத்துக்கொள். தபால் நிலையம் ஸ்டேஷன் சாலைக் கடைசியில் இருக்கிறது. ஆறாம் மரம் முதல் பன்னிரண்டாம் மரம் வரை தாண்டித்தான் அங்கே போக வேண்டும். கடைசி அட்டையைக் கட்டாமல் இதைப் பெட்டியில் போடுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிறாள். ஆகவே இது உன் கைக்கு வந்திருந்தால் ஏழும் கட்டியாயிற்று என்று தெரிந்துகொள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள், நல்ல தூக்கமும் நல்ல பசியும் உங்களுக்கு இருக்கட்டும்.

உன் அப்பா,
லூபென்
ஜூலை 4, வெள்ளி, மாலை நான்கரை. இப்போது தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.