ஈரப்படியில் பதின்மூன்று புள்ளிகள்

கொட்டாஞ்சேனை, கொழும்பு
2.3.1936

அன்புள்ள சீதேவிக்கு,

ஏழு கிழமையாக உன் கையெழுத்தைக் காணவில்லை. மாமிக்கு இருமல் குறைந்ததா? எனக்குச் சுகம் என்று எழுதினால் அது பொய்.

பொங்கலன்று விடிய நான் கேட்டது உன் காதில் இன்னும் கிடக்கும். "புள்ள போய் ரெண்டு மாசம் ஆகல்ல, உனக்குக் கோலம் கேக்குதா?" கேட்டதோடு நிற்காமல் சப்பாத்துக் காலோடு அதன்மேல் நடந்து கொழும்பு வண்டிக்குப் போனேன். கார்த்திகையில் நம் பிள்ளையைச் சுடலைக்குத் தூக்கிக்கொண்டு இறங்கிய அதே படி. அதில் விளக்கும் வெள்ளைக் கோலமும் கண்டதும் நெஞ்சு எரிந்துவிட்டது. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

ஏன் போட்டாய்? சண்டைக்குக் கேட்கவில்லை. விளங்கவில்லை, அதனால் கேட்கிறேன்.

நல்லரத்தினம்

நாவற்குடா
9.3.1936

மச்சானுக்கு,

அம்மாவுக்கு இருமல் பரவாயில்லை.

நீங்கள் கேட்டதற்கு எனக்கு எழுதி விளக்கத் தெரியாது. காணி அளக்கிற சேவையர் கந்தோரில் படம் கீறுகிறவர்தானே நீங்கள்? உங்கள் வாசற்படியில் ஒன்று போட்டுப் பாருங்கள். ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என்று ஐந்து வரிசை, பதின்மூன்று புள்ளி. கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல், எல்லாவற்றையும் வளைத்துப் போய், தொடங்கின இடத்தில் வந்து சேர வேண்டும். படம் பின்பக்கத்தில் இருக்கிறது. விடியமுன் போட வேண்டும்.

சீதேவிப்பிள்ளை

கொழும்பு
23.3.1936

அன்புள்ள சீதேவிக்கு,

மூன்று நாள் போட்டேன். மூன்று நாளும் தோல்வி.

முதல் நாள் வாளித் தண்ணீரை ஊற்றி உடனே தொடங்கினேன். கடையில் வாங்கின புட்டு மா கரைந்து கூழாய்ப் போனது. மற்ற நாள் காய்ந்த படியில் போட்டேன். காற்றுக்குப் பாதி கோடு தெருவுக்குப் போனது. மூன்றாம் நாள் கந்தோர் அடிமட்டம் வைத்து அளந்து புள்ளி குத்தினேன். வாடகை வாங்கும் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, படியிலயா புட்டு அவிக்கிறீங்க?" என்றாள். கந்தோரில் என் கோட்டில் ஒருவரும் குறை சொன்னதில்லை. இங்கே ஒரு வளைவும் ஒழுங்காக வரவில்லை. மா விரலில் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்கிறது.

நல்லரத்தினம்

நாவற்குடா
30.3.1936

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். சிரித்து மறுபடியும் இருமினா.

விளக்கை முதலில் ஏற்றுங்கள். முதுகுக்குப் பின்னால் வைத்தால் உங்கள் நிழலே படியை மறைக்கும். எதிரே நிலைக்கால் ஓரம் வையுங்கள். தேங்காயெண்ணெயும் இரண்டு திரியும் போதும்.

படியைக் கூட்டி, ஊற்றாமல் தெளியுங்கள். தண்ணீர் சுவறட்டும். உள்ளங்கையை வைத்தெடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், துளி ஒட்டக்கூடாது. அதுதான் பதம். புட்டு மா கூடாது. பச்சரிசியை இடித்து, கொஞ்சம் கரகரப்பாகச் சல்லடையில் அரித்து, நன்றாகக் காயவிட்ட மாதான் விரலிடையால் ஓடும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கிள்ளி, படிக்கு ஒரு விரல் உயரத்தில் கையைப் பிடியுங்கள். விரலை ஆட்டாமல் கையை நகர்த்துங்கள். அடிமட்டத்தை மேசையில் விடுங்கள். புள்ளிக்குப் புள்ளி உங்கள் நான்கு விரல் அகலம். கோடு பிழையாய்ப் போனால் கையால் தேய்க்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

சீதேவிப்பிள்ளை

கொழும்பு
20.4.1936

அன்புள்ள சீதேவி,

நேற்றுக் கோலம் வந்துவிட்டது.

மூன்றாம் வரிசையில் பிள்ளையின் மூடின கை ஞாபகம் வந்தது. அந்த நொடியே கோடு புள்ளிக்குப் பிழையான பக்கத்தால் போனது. ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அதன்பிறகு அடுத்த புள்ளியைத் தவிர ஒன்றும் நினைக்க முடியவில்லை. நினைத்தால் கோடு கெடும். கடைசி வளைவு தொடங்கின இடத்தில் வந்து முட்டியபோது, நெஞ்சில் இருந்த பாரத்தை அவ்வளவு நேரமும் இறக்கி வைத்திருந்தது தெரிந்தது. விளக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். வீட்டுக்காரி கண்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நீ மறக்கவில்லை, சீதேவி. நான்தான் ஒன்றும் பார்க்கவில்லை.

நாவற்குடா வீடு சீதனமாய் வந்த உன் வீடு. அதை விட்டு வா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். கொஞ்ச நாளைக்காவது இங்கே வருவாயா?

உன் நல்லரத்தினம்

நாவற்குடா
27.4.1936

அன்புள்ள மச்சான்,

பொங்கலன்று மூன்றாம் வரிசையில் நானும் பிழைவிட்டேன், இரண்டு தரம். நீங்கள் நித்திரை.

பிள்ளை போன பிறகு எனக்கு அகப்பை பிடிக்கக் கை வழங்கவில்லை. அம்மாதான் சோறு ஊட்டினா. நீங்கள் கொழும்புக்குத் திரும்பியிருந்தீர்கள். உங்களுக்கு எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பொங்கலன்று விடிய, கை சொன்ன சொல் கேட்டது. முடிக்கும்வரை நடுங்கவில்லை. உங்களைக் கூப்பிட்டுக் காட்ட எழும்பினேன். "இஞ்ச வந்து பாருங்க மச்சான்" என்று வாய் திறக்கமுன் நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள்.

மிதித்ததைப் பற்றி மனம் குழம்ப வேண்டாம். மத்தியானத்துக்குள் எறும்பும் குருவியும் தின்றுவிடும், போறவாறவர்களும் மிதிப்பார்கள். அதற்காகத்தான் மறுநாளும் போடுகிறோம். எனக்கு நொந்தது உங்கள் சொல்தான். அதுவும் உங்கள் கடிதம் கண்டபிறகு ஆறிவிட்டது.

வாறன். வைகாசி முடியுமட்டும் அங்கே இருப்பேன். பிறகு நீங்கள் லீவு எடுத்து என்னோடு இங்கே வர வேண்டும். அம்மா சம்மதித்துவிட்டா. இரண்டு சுண்டு பச்சரிசி அளந்து மா இடித்து வெயிலில் பரப்பியிருக்கிறேன், கொழும்பு மாவை நம்ப முடியாது.

வெள்ளிக்கிழமை வண்டி மருதானை ஸ்டேசனுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் சீதேவி